எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டை வாசிப்பது எப்படி: நொதி ஏறினால் ஒரு பொருள், பிலிருபின் ஏறினால் வேறு பொருள்

எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டில் எட்டு, பத்து எண்கள் வரிசையாக வரும். பெயர் என்னவோ கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை. ஆனால் அந்த எண்களில் பாதி கல்லீரலின் செயல்பாட்டை அளப்பதே இல்லை. எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி 400 என்று வந்தால், கல்லீரல் செல்கள் சேதமாகிக்கொண்டிருக்கின்றன என்று தெரியும். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை அந்த 400 சொல்லாது. பிலிருபின் 4 என்று வந்தால், ஒரு கழிவு வெளியேறாமல் தேங்குகிறது என்று தெரியும். தேக்கம் கல்லீரலில்தான் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

கிடங்கின் சுவர் உடைந்து சரக்கு வெளியே சிந்துவது ஒன்று. வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்குவது இன்னொன்று. எஸ்.ஜி.பி.டி. போன்ற நொதிகள் முதல் வகைச் செய்தி, பிலிருபின் இரண்டாம் வகை. ரிப்போர்ட்டை வாசிப்பது என்பது இந்த இரண்டையும் தனித்தனியே பார்த்துவிட்டு, பிறகு சேர்த்துப் பார்ப்பதுதான்.

முதல் படி: எண்களை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

முதல் கூட்டம் சேதத்தைக் காட்டும் நொதிகள். ஏ.எல்.டி. என்பதும் எஸ்.ஜி.பி.டி. என்பதும் ஒன்றே. ஏ.எஸ்.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் ஒன்றே. இவை செல்லுக்குள் இருக்க வேண்டியவை. செல் சிதைந்தாலோ அதன் சவ்வு கசிந்தாலோ ரத்தத்துக்கு வருகின்றன. ஏ.எல்.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. ஏ.எஸ்.டி. தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் உண்டு.

இரண்டாவது கூட்டம் பித்த ஓட்டத்தைப் பற்றியது: ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. என்ற இரண்டு நொதிகள், கூடவே பிலிருபின். ஏ.எல்.பி. கசிந்து வருவதல்ல. பித்தம் தடைபட்டால் பித்தநாளத்தை ஒட்டிய செல்கள் அதைப் புதிதாக உற்பத்தி செய்கின்றன. உற்பத்திக்கு நேரம் பிடிக்கும், ஆகவே அது தாமதமாகத்தான் ஏறும். இதை நினைவில் வையுங்கள். கீழே வரும் கணக்கில் எல்லாம் இதைச் சுற்றியே போகப்போகிறது. எலும்பிலும் ஏ.எல்.பி. உண்டு என்பதால் வளரும் பிள்ளைகளுக்கு அது கூடுதலாக இருப்பது இயல்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் நஞ்சுக்கொடியிலிருந்து வந்து ஏறும். ஏ.எல்.பி.யுடன் ஜி.ஜி.டி.யும் ஏறியிருந்தால்தான் அது கல்லீரல் பக்கத்திலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கூட்டம்தான் உண்மையான செயல்பாடு: அல்புமினும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணும். இரண்டும் கல்லீரல் தயாரிக்கும் பொருள்களைச் சார்ந்தவை. பல எல்.எஃப்.டி. ரிப்போர்ட்டுகளில் ஐ.என்.ஆர். இருப்பதே இல்லை; தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவு முக்கியமான எண்ணை வெளியே நிறுத்திவிட்டு அந்தப் பட்டியலுக்குச் ‘செயல்பாடு’ என்று பெயர் வைத்திருப்பது ஒரு விசித்திரம்தான்.

இரண்டாம் படி: எண்ணை நம்பலாமா என்று பாருங்கள்

ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ குழாய்க்குள் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் ஏ.எஸ்.டி. பொய்யாக ஏறும். அப்படிப்பட்ட மாதிரிக்கு ஆய்வகம் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு குறிப்பு எழுதும். அதை வாசிக்காமல் விடாதீர்கள். மாதிரி வெகுநேரம் வெளிச்சத்தில் இருந்தால் பிலிருபின் சிதைந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி, குறிப்பாக எடை தூக்குவது, தசையைச் சிதைத்து ஏ.எஸ்.டி.யை ஏற்றும், ஏ.எல்.டி.யையும் ஓரளவு ஏற்றும். ஒரு வாரம் வரைகூட அது நீடிக்கலாம். சந்தேகம் வந்தால் சி.கே. என்ற தசை நொதியைப் பாருங்கள். அது ஆயிரக்கணக்கில் ஏறியிருந்து, ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் இயல்பாக இருந்தால் கல்லீரலை விட்டுவிட்டுத் தசையைக் கவனிக்கலாம். கல்லீரல் நோய் என்று பயந்து பல சோதனைகள் செய்த பிறகு, கடைசியில் தசை நோய் என்று தெரிவது மருத்துவத்தில் அபூர்வமல்ல.

மூன்றாம் படி: நொதிகளில் எது அதிகம் ஏறியது?

எண்ணை எண்ணாகப் பார்க்காதீர்கள். இயல்பின் மேல்வரம்பைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறும், மடங்கு அவ்வளவாக மாறாது. ஏ.எல்.டி.யின் மடங்கை ஏ.எல்.பி.யின் மடங்கால் வகுத்தால் கிடைப்பதை ஆர் விகிதம் என்பார்கள். அது 5-க்கு மேல் என்றால் கல்லீரல் செல்களின் சேதம் முன்னால் நிற்கிறது. 2-க்குக் கீழ் என்றால் பித்தத் தடை. இடையில் இருந்தால் கலப்பு.

ஏற்றத்தின் அளவும் ஒரு குறிப்பு தரும். ஏ.எல்.டி. இயல்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது கொழுப்புக் கல்லீரல், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், மருந்துகள், மது என எதிலும் வரும். ஆயிரத்தைத் தாண்டினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்: திடீர் வைரஸ் தொற்று, பாராசிட்டமால் போன்ற மருந்தின் நச்சு, ரத்த அழுத்தம் படுத்துக் கல்லீரலுக்கு ரத்தம் போகாமல் போனது. இந்த மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, ஆனால் 300-ஐத் தாண்டாமல் இருந்தால் மதுவால் வந்த கல்லீரல் அழற்சியைச் சந்தேகிக்கலாம். நீண்ட காலம் மது அருந்துபவருக்கு வைட்டமின் பி6 குறைகிறது. அது இல்லாமல் ஏ.எல்.டி. சரியாக உருவாவதில்லை. விகிதம் புரள்வதற்கு ஒரு காரணம் அது. ஆனால் கல்லீரல் சுருக்கம் வந்துவிட்டால், காரணம் எதுவாக இருந்தாலும், ஏ.எஸ்.டி. மேலே போகும். விகிதத்தை மட்டும் வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டுவது தவறு.

நான்காம் படி: பிலிருபினைப் பிரித்துப் பாருங்கள்

மொத்த பிலிருபின் 3 என்பதற்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. அந்த 3-ல் எவ்வளவு நேரடி, எவ்வளவு மறைமுகம் என்பதுதான் கேள்வி.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து உடைகிறது. அதிலிருந்து வரும் மஞ்சள் நிறக் கழிவுதான் பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. அல்புமினைப் பிடித்துக்கொண்டு கல்லீரலுக்குப் போகிறது. இந்தக் கட்டத்தில் அதற்கு மறைமுக பிலிருபின் என்று பெயர். கல்லீரல் செல் அதனுடன் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி நீரில் கரையும்படி மாற்றுகிறது. அதுவே நேரடி பிலிருபின். பிறகு அதைப் பித்தத்தில் தள்ளிவிடுகிறது. மூன்று இடங்களில் சிக்கல் வரலாம்: வரத்து மிஞ்சலாம், மாற்றுவது குறையலாம், மாற்றியதைத் தள்ள முடியாமல் போகலாம். முதல் இரண்டில் மறைமுகம் ஏறும், மூன்றாவதில் நேரடி ஏறும்.

மொத்தத்தில் நேரடியின் பங்கு 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் மறைமுக ஏற்றம். பாதிக்கு மேல் என்றால் கல்லீரல் செல்லிலோ பித்தநாளத்திலோ குறை. இதைச் சரிபார்க்க ஆய்வகம்கூட வேண்டாம். நேரடி பிலிருபின் நீரில் கரைவதால் சிறுநீரில் இறங்கிக் கடும் தேநீர் நிறமாக்கும். மறைமுகம் அல்புமினை விட்டு வராது, ஆகவே சிறுநீரகத்தைத் தாண்டாது. கண் மஞ்சளாக இருந்து சிறுநீரில் பிலிருபின் இல்லை என்றால், மறைமுக ஏற்றம் என்று ஊகிக்கலாம். மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப் போயிருந்தால் பித்தம் குடலுக்கே வரவில்லை என்று பொருள்.

கண் மஞ்சளாகத் தெரிவதற்கு மொத்த பிலிருபின் டெசிலிட்டருக்குச் சுமார் 2.5 முதல் 3 மில்லிகிராம் ஆக வேண்டும். இயல்பின் மேல்வரம்பு 1.2 என்பதால், கண்ணுக்குத் தெரியும் முன்பே ரத்தத்தில் அது இரட்டிப்பாகியிருக்கும்.

ஐந்தாம் படி: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

*பிலிருபின் மட்டும் ஏறியது, நொதிகள் இயல்பு.* இது பயமுறுத்துவது போலத் தெரியும், ஆனால் பெரும்பாலும் எளிதான நிலை. மொத்தம் 2.4, நேரடி 0.4, ஏ.எல்.டி. 22, ஏ.எல்.பி. 70 என்று வைத்துக்கொள்வோம். மறைமுகம் 2.0, நேரடியின் பங்கு 17 சதவீதம். அடுத்த கேள்வி, சிவப்பணுக்கள் அதிகமாக உடைகின்றனவா என்பது. ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை, எல்.டி.எச்., ஹாப்டோகுளோபின் ஆகிய நான்கும் இயல்பாக இருந்தால் உடைவு இல்லை. மிஞ்சுவது கில்பர்ட் நிலை. பிலிருபினை மாற்றும் நொதி பிறவியிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் இயங்கும். பட்டினி, காய்ச்சல், களைப்பு வந்தால் எண் ஏறும்; பிறகு தானே இறங்கும். பெரும்பாலும் 3-ஐத் தாண்டாது. ரத்தப் பரிசோதனைக்கு முன் வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தவருக்கு 2.4 வந்ததில் வியப்பில்லை. சிகிச்சை தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரினோடெகான் என்ற புற்றுநோய் மருந்தை வெளியேற்றுவதும் இதே நொதிதான். அந்த மருந்து தரவேண்டி வந்தால் மருத்துவரிடம் கில்பர்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

*நொதிகள் மட்டும் ஏறியது, பிலிருபின் இயல்பு.* செல்கள் சேதப்படுகின்றன, ஆனால் மீதமுள்ளவை வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. கல்லீரலுக்குக் கையிருப்புத் திறன் மிக அதிகம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கொஞ்சமே ஏறிய நொதியைப் பார்த்து ‘லேசான பிரச்சினை’ என்று விட்டுவிடுவார்கள். வடு படிந்து சுருங்கும் கல்லீரலில் நொதிகள் இயல்புக்கு அருகிலேயே இருக்கலாம், ஏனென்றால் சிந்துவதற்குச் செல்களே குறைந்துவிட்டன. அதைப் பிடிக்க ஒரு கணக்கு உண்டு:

FIB-4 = (வயது × AST) ÷ (தட்டணு எண்ணிக்கை × √ALT)

தட்டணுவை ஆயிரத்தில் எடுக்க வேண்டும். 55 வயது, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 36, தட்டணு 1,40,000 என்றால் மேலே 2640; கீழே 140 × 6 = 840; விடை 3.14. பொதுவாக 1.3-க்குக் கீழ் இருந்தால் கடும் வடு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். நொதி இரண்டும் கிட்டத்தட்ட இயல்பில் இருந்த ஒருவருக்குத்தான் இந்த 3.14 வந்திருக்கிறது. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது.

*இரண்டும் ஏறியது.* இதை ஒரு கணக்காகவே பார்ப்போம். மேல்வயிற்றின் வலப்பக்கம் திடீரென்று கடும் வலி வந்த 42 வயதானவருக்குச் சில மணி நேரத்தில் எடுத்த ரத்தம் என்று கொள்ளுங்கள். ஏ.எல்.டி. 780 (வரம்பு 40), ஏ.எஸ்.டி. 820, ஏ.எல்.பி. 126 (வரம்பு 120), மொத்த பிலிருபின் 2.4, நேரடி 1.5.

ஏ.எல்.டி. 19.5 மடங்கு, ஏ.எல்.பி. 1.05 மடங்கு, ஆர் விகிதம் 18க்கு மேல். கணக்கு ‘செல் சேதம், வைரஸைத் தேடு’ என்கிறது. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

நான்காம் நாள் மறுபடி எடுக்கிறார்கள். ஏ.எல்.டி. 340, ஏ.எஸ்.டி. 190, ஏ.எல்.பி. 540, மொத்த பிலிருபின் 6.8, நேரடி 5.1, ஐ.என்.ஆர். 1.1. இப்போது 8.5-ஐ 4.5 ஆல் வகுத்தால் 1.9. அதே மனிதர், அதே நோய், ஆனால் விகிதம் பித்தத் தடை என்று மாறிவிட்டது.

நடந்தது இதுதான். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுப் பித்தநாளத்தில் சிக்கியது. அழுத்தம் சட்டென்று ஏறியதில் கல்லீரல் செல்கள் கசிந்தன, ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. உடனே பாய்ந்தன. ஏ.எல்.பி. புதிதாக உற்பத்தியாக வேண்டியது, ஆகவே பின்தங்கியது. அடுத்த நாள்களில் கசிவு அடங்கியது. ஏ.எஸ்.டி.யின் அரை ஆயுள் சுமார் 17 மணி நேரம், ஏ.எல்.டி.யுடையது சுமார் 47 மணி நேரம் என்பதால் ஏ.எஸ்.டி. முந்திக்கொண்டு இறங்கியது. கல்லோ நகரவில்லை, பிலிருபின் ஏறிக்கொண்டே போனது. வலியோடு நொதி உயர்ந்து வந்தால், முதல் நாள் விகிதத்தை நம்பாமல் அல்ட்ராசவுண்டும் மறுநாள் ரத்தமும் எடுப்பதற்கு இதுதான் காரணம். அல்ட்ராசவுண்ட் பித்தநாளம் விரிந்திருப்பதைக் காட்டும். நாளத்துக்குள் இருக்கும் கல்லையே சில நேரம் தவறவிடும். அப்போது பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும்.

ஐ.என்.ஆர். 1.1 என்பதையும் கவனியுங்கள். கண் நன்றாக மஞ்சளாகிவிட்டது, ஆனாலும் கல்லீரல் உறைதல் பொருள்களைத் தயாரிப்பதில் குறை வைக்கவில்லை. அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் ஐ.என்.ஆர். ஏறலாம், அது கல்லீரல் தோற்றுப்போனதால்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது. அதை ஊசி வழியாகக் கொடுத்து ஒரு நாளில் ஐ.என்.ஆர். இறங்கினால் குறை வைட்டமினில். இறங்காவிட்டால் குறை கல்லீரலில்.

கல்லை எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்த பிறகு சிறுநீர் சில நாளில் தெளியும், கண் மஞ்சள் மட்டும் இன்னும் இரண்டு மூன்று வாரம் தங்கலாம். நீண்ட நாள் தேங்கிய நேரடி பிலிருபினில் ஒரு பங்கு அல்புமினோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த அல்புமினின் ஆயுள் தீரும்வரை அது ரத்தத்தில் சுற்றும். நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்க வேண்டியதில்லை, ஏ.எல்.பி. இறங்குகிறதா, சிறுநீர் வெளுத்ததா என்று பார்த்தால் போதும்.

ஆறாம் படி: எந்தத் திசையில் போகிறது?

ஒற்றை ரிப்போர்ட்டைவிட இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு இடையிலான மாற்றம் அதிகம் பேசும். அதிலும் நல்ல செய்தி போல வேடமிட்டு வரும் மாற்றம் ஒன்று உண்டு. திடீர்க் கல்லீரல் அழற்சியில் ஏ.எல்.டி. 3200 இருந்தது, ஐந்து நாளில் 600-க்கு இறங்கியது. பிலிருபினும் இறங்கி ஐ.என்.ஆர். 1.2 என்றால் குணமாகிறது. அதே 600-உடன் பிலிருபின் 14, ஐ.என்.ஆர். 2.6 என்றால் நிலைமை நேர்மாறு: சிந்துவதற்கு இனிச் செல்கள் மிச்சமில்லை என்பதால்தான் நொதி இறங்கியிருக்கிறது. இத்துடன் மனக்குழப்பம், பகலில் தூக்கம், கை நடுக்கம் சேர்ந்தால் அது கல்லீரல் செயலிழப்பு. கல்லீரல் மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

ஐ.என்.ஆர். இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம், உறைதல் பொருள்களில் ஏழாம் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரமே. அல்புமினுடையது சுமார் 20 நாள். ஆகவே திடீர் நோயில் அல்புமின் இயல்பாக இருப்பது எந்த ஆறுதலும் தராது. நாள்பட்ட நோயில் அது மெல்ல இறங்குவதுதான் செய்தி.

மருந்து சாப்பிடும்போது நொதி ஏறினால், ஹைமன் சிம்மர்மன் என்ற கல்லீரல் மருத்துவரின் பெயரால் வழங்கும் ஹை விதியைப் பாருங்கள். ஏ.எல்.டி. அல்லது ஏ.எஸ்.டி. மூன்று மடங்குக்கு மேல், பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேல், ஏ.எல்.பி. ஏறாமல், வேறு காரணமும் இல்லாமல் இருந்தால் அது கடும் மருந்துச் சேதம். அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உயிராபத்து அல்லது மாற்று அறுவைத் தேவை வரலாம். ஏ.எல்.டி. மட்டும் மூன்று மடங்கு என்றால் மருத்துவர் கவனித்துக்கொண்டே மருந்தைத் தொடரச் சொல்லலாம். பிலிருபினும் சேர்ந்து ஏறினால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழைத்து, சந்தேகத்துக்குரிய மருந்தை நிறுத்துவது பற்றிக் கேட்க வேண்டும்.

நாள் குறிக்காமல் உடனே போக வேண்டிய இன்னொரு நிலை: மஞ்சள் காமாலையோடு குளிர்காய்ச்சல், வலப்பக்க வலி. அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அங்கே ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்கும் அடைப்பை நீக்குவதும் ஒன்றாக நடக்க வேண்டும்.